பார்த்ததை மட்டும் சொல்கிறவர்

அவர் வாயிலிருந்து 'இருக்கலாம்' என்ற சொல்லை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வரலீங்க" என்பார். ரயில் தாமதமா என்றால், "முந்தின ஸ்டேஷன் தாண்டலீங்க" என்பார். எப்போது வரும் என்று அடுத்து கேட்டால், கேட்டவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார். வராத ரயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, மாந்தோப்புகளுக்கு இடையில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். சிக்னல் பராமரிக்கிற வேலை. நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டை, தோளில் காக்கிப் பை, காலில் ஆண்கள் போடுகிற கனத்த பூட்ஸ். பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. முதல் நாள் கேட்கிற நிலையில் நான் இல்லை. அப்புறம் கேட்பதற்கு வெட்கமாகிவிட்டது.

நான் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஃபாக்டரியில், தேயிலைத் தூள் சலிக்கிற ரூமில் வேலை செய்கிறவன். அன்று தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு. எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் இருந்தவன், முந்தைய வாரம் புது எண்ணிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். மாங்காய் லாரியில் டிரைவராக இருக்கிறானாம். 'புதன்கிழமை அந்த ஸ்டேஷன்ல எறங்கிக் கூப்பிடு. வர்றேன். நாலு மணிக்கு டெல்லிக்கு லோடு கெளம்பிரும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எப்ப வருவேன்னு தெரியாது. நீ வரலைன்னா நானும் தொந்தரவு பண்ண மாட்டேன்.' அவ்வளவுதான் செய்தி. மனைவியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். அவன் வராமல் போய்விட்டால் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

விடியலில் பஸ் ஏறி, மறையூர், சின்னாறு வழியாக உடுமலை வந்து இறங்கியபோது போன் செத்துக் கிடந்தது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் செருகிப் பார்த்தேன், அசையவில்லை. ரயிலேறி அந்த ஸ்டேஷனில் இறங்கியபோது மணி பதினொன்றரை. நடைமேடைத் தூணில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தும் அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை. தம்பியின் எண் அந்தக் கறுப்புப் பலகைக்குள் இருந்தது, வேறெங்கும் இல்லை.

தூணை ஓங்கி ஒரு அடி அடித்தேன். "கவர்ன்மென்ட் பிளக் எங்கயாவது வேலை செஞ்சிருக்கா" என்று வாய்விட்டுத் திட்டினேன். தண்டவாளத்தின் ஓரம் ஒரு இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்த அவர் நிமிர்ந்தார்.

"ஏனுங்ணா, பிளக்குல கரண்டு இல்லீங்களா?"

"இல்லை."

"பாத்தீங்களா?"

"சார்ஜ் ஏறல. வேற என்ன?"

"சார்ஜ் ஏறலைங்கறது நீங்க பாத்தது. கரண்டு இல்லைங்கறது நீங்க நெனச்சது" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கதையைக் கொஞ்சம் சொன்னேன். தம்பி, நாலு மணி, எண். அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். தோப்புக்குள் போய்த் தேடட்டுமா என்று கேட்டேன். நாலு திசையிலும் மாங்காய் ஷெட்டுகள் இருக்கின்றன, நடந்து தேடினால் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். ஷெட்டுகளை எண்ணியிருந்தார் போல, எந்தப் பக்கம் எத்தனை என்றும் சொன்னார். சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டால் தம்பி கூப்பிட்டாலாவது பேசலாமே என்றேன். அவர் கையில் இருந்தது பழைய பட்டன் போன். என் சிம் நகத்தளவு, அதன் பள்ளம் பெரிசு, உள்ளே போட்டால் ஆடியது. ஸ்டேஷன் மாஸ்டர் ட்யூட்டியில் இருக்கும்போது சொந்த போனைத் தொடமாட்டார். ஆக, என் போன் உயிரோடு வந்தால்தான் உண்டு.

முதலில் என் எண்ணைக் கேட்டு, பட்டன் போனிலிருந்து அடித்தார். எதற்கு என்று புரியவில்லை.

"ஸ்கிரீன் மட்டும் போயிருந்தா மணி அடிக்குமுங்க. சுவிட்ச் ஆஃப்னு சொல்லுது. அப்ப உள்ளயும் இல்லை."

"எங்க வீட்டுக்காரிதான். ராத்திரி பூரா சீரியல் பாத்திருப்பா."

"பாத்தாங்களா?"

அவள் எட்டு மணிக்கே தூங்கிவிட்டாள்.

எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போவது அவருக்குப் பிடிக்காது. பிளக், சார்ஜர், ஒயர், போன் என்று விரலை மடக்கினார். "இந்த நாலுல ஏதோ ஒரு எடத்துல கோளாறு இருக்கோணும். நான் ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிக்க மாட்டனுங்க. நடுவுல போய் நிப்பேன்." மூன்று கிலோமீட்டர் கம்பியில் எங்கோ அறுந்திருந்தால், பாதி வழியில் போய் அளந்து பார்ப்பாராம். அங்கே கரண்டு வந்திருந்தால் பின்னால் இருக்கிற பாதி முழுவதும் சுத்தம். மிச்சப் பாதியில் மறுபடி பாதி. அப்படிப் போனால் நாலைந்து நடையில் கோளாறு காலடிக்கு வந்துவிடும் என்றார்.

பையிலிருந்து ரயில்வே டார்ச் ஒன்றை எடுத்தார். அதன் அடியில் என் போனில் இருப்பதுபோலவே முட்டை வடிவ ஓட்டை. என் ஒயரின் நுனியை போனிலிருந்து உருவி டார்ச்சில் செருகினார். வேறு எதையும் தொடவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், டார்ச்சில் ஒரு சிவப்புப் புள்ளி.

"பிளக் நல்லா இருக்குது. சார்ஜர் நல்லா இருக்குது. ஒயரும் நல்லா இருக்குது."

"டார்ச்சுக்குக் கொஞ்சம் கரண்டு போதும். போனுக்கு நிறைய வேணும்ல?" தோற்கப் பிடிக்காமல்தான் கேட்டேன்.

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "நல்ல கேள்விங்ணா. குறைச்சலா வந்தா மெதுவா ஏறுமுங்க. ஒண்ணுமே ஏறாம இருக்கறதுக்கு அது காரணம் ஆகாது." அப்புறம் என்னைப் பார்த்து, "ரயில்வேயைத் திட்டுனீங்களே" என்றார். தூணைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

மீதி இருந்தது போன் மட்டும். ஒயரை அதில் மறுபடி செருகினார். கண்ணருகே வைத்துப் பார்த்தார். டார்ச்சில் செருகியபோது உலோக முனை முழுவதும் உள்ளே போயிருந்தது. போனில் ஒரு நகக்கனம் வெள்ளியாக வெளியே தெரிந்தது. 'டிக்' சத்தமும் இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

யோசித்தேன். ஒரு மாதமாகவே ஒயரைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும். முந்தின ராத்திரி அடியில் தீப்பெட்டி ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்தேன். காலையில் பார்த்தால் ஒயர் நழுவியிருந்தது, பாதிதான் ஏறியிருந்தது. பாதி இருந்தும் உடுமலை வருவதற்குள் ஏன் தீர்ந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எந்த வழியாக வந்தீர்கள் என்றார். சின்னாறு காடு என்றேன். அங்கே டவர் உண்டா என்றார். இல்லை.

"டவர் கெடைக்கலைன்னா போன் சும்மா இருக்காதுங்க. பலத்தை எல்லாம் போட்டுத் தேடிக்கிட்டே இருக்கும். பக்கத்துல டவர் இருந்தா மெல்லப் பேசும். இல்லைன்னா கத்தும்."

"ஏரோப்பிளேன் மோட்ல வெச்சிருக்கணும்" என்றேன்.

"வெச்சிருந்தா காலி ஆகியிருக்காதுங்க. ஆனா காலி ஆனது வேற கோளாறு, ஏறாதது வேற கோளாறு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க."

டார்ச்சை அடித்து அந்த ஓட்டைக்குள் பார்க்கச் சொன்னார். உள்ளே நடுவில் ஒரு மெல்லிய நாக்கு. அதைச் சுற்றி, அடியில், தவிட்டு நிறத்தில் கம்பளி மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது.

"என்ன வேலைங்க பாக்கறீங்க?"

சொன்னேன். தேயிலை சலிக்கிற ரூமில் பொன்னிறத்தில் ஒரு பஞ்சு பறக்கும். இளந்தளிரில் இருக்கிற மெல்லிய ரோமம் அது. இமையில் ஒட்டும், காதில் ஒட்டும், சோற்றுத் தூக்கிலும் இருக்கும். போன் என் சட்டைப் பையில் தலைகீழாகத்தான் எப்போதும் இருக்கும். ஆனால் நான் அசட்டையாக விட்டவன் இல்லை என்று ரோஷமாகச் சொன்னேன். எங்கள் ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் மெஷினுக்குக் காற்றடிக்கிற ஹோஸை எடுத்து, தலை, சட்டை, செருப்பு என்று ஊதிச் சுத்தம் செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போவோம். போனின் ஓட்டையிலும் தினம் ஒரு ஊது ஊதிவிடுவேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நீங்கதான் உள்ள அனுப்பியிருக்கீங்க. அந்த ஓட்டைக்குப் பின்வாசல் இல்லீங்களே. மேலாப்புல இருந்த பஞ்சைத் தெனமும் காத்து அடியில தள்ளும். நீங்க ஒயரைச் செருகினா அது இடிச்சு இறுக்கும். சுத்தம் பண்றோம்னு நெனச்சு அடைச்சுப்போட்டீங்க."

எங்கள் ஃபாக்டரியில் முப்பது பேர் தினமும் அதைத்தான் செய்கிறோம். அதில் பாதிப் பேர் போன் கம்பெனிகளைத் திட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

என் சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். இரும்பு பட்டால் நாக்கில் இருக்கிற பொன்கோடுகள் கீறிவிடும், ஒன்றோடொன்று ஒட்டியும்விடும். மாஸ்டர் அறைக்குப் பின்னால் கிடந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, பிளேடால் தட்டையாகச் சீவினார். போன் அணைந்துதான் இருந்தது, ஆனாலும் ஒயரை எடுத்து தூரமாக வைத்தார். போனைக் கவிழ்த்துப் பிடித்து, நாக்கைத் தொடாமல் சுவரோரமாக ஈர்க்கை விட்டு, அடியைக் கிளறி இழுத்தார். முதலில் தூள் வந்தது. பிறகு ஒரு துண்டு வந்தது, பருப்பளவு, வெட்டியெடுத்த கம்பளிபோல. முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசம் அடித்தது. ஆறு துண்டுகள் வந்தன. அவற்றை ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்தார்.

செருகினார். 'டிக்'.

ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம் பார்த்தேன். மணி இரண்டு ஆகப்போகிறது. "இது இல்லை, வேற ஏதோ" என்று ஒயரைப் பிடுங்கப்போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அடிமட்டத்துக்குப் போன பாட்டரிக்கு முதல்ல சொட்டுச் சொட்டாத்தான் குடுக்குமுங்க. படத்தைக் காட்டற அளவுக்குக்கூட அதுகிட்ட தெம்பு இல்லை. பத்து நிமிஷம் தொடாதீங்க. நீங்க பிடுங்கிச் செருகினா மறுபடி முதல்ல இருந்து."

"ஏறுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. அதனாலதான் காத்திருக்கோணும்."

அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் கேட்டார், தம்பி ஏன் வீட்டை விட்டுப் போனான் என்று. யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அம்மா செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் ஃபாக்டரியில். தம்பிதான் வீட்டில் துணைக்கு இருந்தான். அம்மா அடுப்பங்கரையில் விழுந்தபோது அவன் வீட்டில் இல்லை. பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் பார்த்தபோது உயிர் போயிருந்தது. அடக்கம் முடிந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னால், 'நீ ஊர் சுத்தப் போகாம இருந்திருந்தா அம்மா பொழைச்சிருக்கும்' என்றேன். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

"ஊர் சுத்தப் போயிருந்தாருங்களா?"

"வேற எங்க போயிருப்பான்?"

அவர் காகிதத்தில் இருந்த பஞ்சுத் துண்டுகளை நகத்தால் நகர்த்திக்கொண்டிருந்தார். 'பாத்தீங்களா' என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் போகிறவரை நான் ஒருமுறைகூட அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது, எட்டு வருஷம் கழித்து அந்த நடைமேடைப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

திரையில் பாட்டரிப் படம் வந்தது, நடுவில் மின்னல் குறியோடு. நான் கும்பிட்டேவிட்டேன். அவருக்கு அது போதவில்லை. ஒயரை ஒரு நகக்கனம் வெளியே இழுத்தார். மின்னல் போயிற்று. உள்ளே தள்ளினார். வந்தது. மறுபடி இழுத்தார்.

"மேடம், போதும். வந்துருச்சில்ல."

"வந்தது மட்டும் பத்தாதுங்க. எதனால வந்துதுன்னு தெரியோணும். இவ்வளவு வெளிய நின்னா போகுது, உள்ள போனா வருது. இப்பச் சொல்றேன், பஞ்சுதான்" என்றார். விட்டால் பஞ்சைத் திரும்ப அடைத்துப் பார்த்திருப்பார்.

இரண்டே முக்காலுக்குப் போன் முழுசாக விழித்தது. தம்பியிடமிருந்து ஒரே செய்தி: 'ரெண்டு வரைக்கும் பாத்தேன். சரி.' உடனே கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தான்.

"ஸ்டேஷன்லதான் இருக்கேன். காலையில இருந்து இருக்கேன்" என்றேன்.

பைக்கில் வந்தான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. பெஞ்சில் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். போன் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், அதை விட்டுவிட்டேன்.

"அன்னிக்கு எங்கடா போயிருந்த?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஜீப்புக்குப் போன் அடிக்கணும். வீட்டுல டவர் இல்ல. சிக்னல் கெடைக்கிற மேட்டுக்கு ஓடுனேன். மூடுபனியில அங்கயும் கெடைக்கல. ரோட்டுக்கே எறங்கி ஓடுனேன். ஜீப்பக் கூட்டிக்கிட்டு வரும்போது வாசல்ல ஆளு நிக்குது."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலையேண்ணே."

நான் அழுதேன். அவன் அந்த ஒரு ஆள் இடத்தைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் அப்போது அங்கே இல்லை. தூரத்தில் தண்டவாளத்தில் குனிந்து என்னவோ அளந்துகொண்டிருந்தார்.

அதன் பிறகு தம்பி டெல்லியில் லோடு இறக்கித் திரும்பும்போதெல்லாம் அவனைப் பார்க்க அந்த ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறேன். ஒருமுறை சிக்னல் பச்சைக்கு மாறாமல் சிவப்பிலேயே நின்றது. எலி கடித்திருக்கும் என்றார்கள், போன வாரத்து மழை என்றார்கள். அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பையோடு நடந்தார். இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே கரண்டு கடக்காமலிருக்க வைத்த இணைப்பின் மேல், மாங்காய்ப் பெட்டியைக் கட்டும் தகரப்பட்டை ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. எடுத்ததும் சரியாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். அவரோ மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு, பட்டையை மறுபடி அதே இடத்தில் வைத்து, சிவப்பு திரும்ப வருவதைப் பார்த்த பிறகுதான் டீ குடித்தார். அந்த டீயையும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் சர்க்கரை கேட்டார்.

மூன்றாவது முறைதான் தம்பி சொன்ன பதிலை அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அந்த ஜீப் டிரைவரைப் போய்க் கேட்டீங்களா?" என்றார்.

"கேக்கல."

"அப்ப எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். நம்பிட்டேன்."

"சோதிக்காமலா?"

"அவன் என் தம்பி. அவன் சொன்னான்ல."

அவர் பூட்ஸ் முனையால் ஜல்லியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, கம்பி அறுந்த இடத்தைச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"எனக்கு அது வர்றதில்லீங்ணா. எங்கூட்டுக்காரர் லேட்டா வந்தா எங்கன்னு கேப்பேன். அவர் சொன்னதும் அந்த எடத்துக்கே போன் போட்டு விசாரிப்பேன். ஒரு தடவகூட அவர் சொன்னது பொய்யா இருந்ததில்லீங்க. எல்லாம் சரின்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் விசாரிச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு, அவங்கம்மா ஊட்டுல இருக்காரு."

என் தம்பியை எனக்கு மீட்டுக் கொடுத்த குணமும் இவர் வீட்டை வெறுமையாக்கிய குணமும் ஒன்றேதான் என்பது மனசைக் குடைந்தது.

"கூப்பிடுங்களேன்" என்றேன்.

"கூப்பிட்டு என்னன்னு கேக்கறது?"

"எங்க இருக்கீங்கன்னு மட்டும் கேக்காதீங்க. சாப்பிட்டீங்களான்னு கேளுங்க. சாப்பிட்டேன்னு சொன்னா சரின்னு சொல்லிருங்க."

பட்டன் போனைப் பையிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அடித்தார். அந்தப் பக்கம் எடுத்த சத்தம் எனக்கே கேட்டது.

"நான்தானுங்க. சாப்பிட்டீங்களா?" என்றார்.

பதிலைக் கேட்டார். உதடு ஒருமுறை திறந்தது, அடுத்த கேள்வி அதில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கினார்.

"சரிங்க" என்றார்.